சம்பளம் எந்த வழியாக வரும்? "எங்கிருந்தும் வேலை" விளம்பரங்களைப் படிக்கும் விதம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தில் மூன்று சுற்று நேர்காணல் முடித்திருந்தேன். டெஸ்டிங் வேலை. குழுத் தலைவருக்கு என்னைப் பிடித்துவிட்டது, எனக்கும் அவரைப் பிடித்துவிட்டது. கடைசியாக மனிதவளத் துறையிலிருந்து ஒரு பெண்மணி அழைத்தார். சம்பளப் பட்டியலில் சேர்ப்பதற்காக, "நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "தமிழ்நாடு" என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. அவர் எதிர்பார்த்தது டெக்சாஸ், ஓஹையோ மாதிரி ஏதாவது ஒன்றை. அன்று இரவே மன்னிப்புக் கேட்டு மெயில் வந்தது.

விளம்பரத்தில் "ரிமோட், எங்கிருந்தும் வேலை செய்யலாம்" என்றுதான் போட்டிருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் பொய் சொல்லவில்லை. எழுதியவர் மனதில் "எங்கிருந்தும்" என்பதற்கு அமெரிக்காவின் எந்த மூலையிலிருந்தும் என்று பொருள். மதுரையில் உட்கார்ந்து படித்த என் மனதில் அதற்கு உலகம் என்று பொருள். நடுவில் போனது ஒரு மாத உழைப்பு.

அதற்குப் பிறகு நான் விளம்பரங்களைப் படிக்கும் விதம் மாறிவிட்டது. "ரிமோட்டா இல்லையா" என்று இப்போது பார்ப்பதில்லை. "இவர்கள் எனக்குச் சம்பளம் கொடுக்க என்ன வழி வைத்திருக்கிறார்கள்" என்று பார்க்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

தடை எங்கே இருக்கிறது

வீட்டிலிருந்து வேலை செய்ய ஒரு மடிக்கணினியும் இணையமும் போதும். அது கோவில்பட்டியானாலும் சரி, சிகாகோவானாலும் சரி. நிறுவனத்துக்குச் சிக்கல் வருவது ஆளைச் சம்பளப் பட்டியலில் சேர்க்கும்போது. ஒரு நாட்டில் இருப்பவரை ஊழியராக வைத்துக்கொண்டால், அந்த நாட்டுச் சட்டப்படி வரி பிடிக்க வேண்டும், இந்தியாவென்றால் பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் பார்க்க வேண்டும், விடுப்பும் வேலை நீக்கமும் அந்த ஊர் விதிப்படி நடக்க வேண்டும். இதற்கெல்லாம் அந்த நாட்டில் முதலாளியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். முப்பது பேர் உள்ள ஒரு நிறுவனம், மதுரைக்காரர் ஒருவருக்காக இந்தியாவில் கம்பெனி பதிவு செய்து, ஆடிட்டர் வைத்து, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யப்போவதில்லை.

அமெரிக்காவுக்குள்ளேயேகூட இந்தத் தொல்லை உண்டு. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வரியும் தொழிலாளர் சட்டமும் வேறு. 2021-ல் கொலராடோ மாநிலத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்றது. சில நிறுவனங்கள் என்ன செய்தன தெரியுமா? சம்பளத்தைச் சொல்ல மனமில்லாமல், "ரிமோட் வேலைதான், ஆனால் கொலராடோவில் வசிப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று விளம்பரம் போட்டன. சொந்த நாட்டின் ஒரு மாநிலத்தையே இப்படி வெட்டிவிட முடிகிறதென்றால், பத்து மணி நேரம் தள்ளி இருக்கும் நம்மைப் பற்றி அவர்கள் நினைத்துக்கூடப் பார்க்காததில் ஆச்சரியமில்லை.

இன்னொரு பயமும் உண்டு. வரிக் கணக்கர்கள் இதை "நிரந்தர நிலையம்" என்பார்கள். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் ஒருவர் நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தங்களை முடித்துக் கொடுக்கிறார் என்றால், நிறுவனமே அந்த நாட்டில் கடை விரித்திருப்பதாக அந்நாட்டு வரித்துறை கருத இடமுண்டு. அப்போது லாபத்தில் ஒரு பங்குக்கு அங்கேயும் வரி கேட்கலாம். அதனால்தான் ஒரே நிறுவனத்தில் புரோகிராமர் வேலை பல நாடுகளுக்குத் திறந்திருக்கும், விற்பனை வேலை மட்டும் இரண்டு மூன்று நாடுகளோடு நின்றுவிடும். நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து "இவர்கள் எல்லா நாட்டிலும் எடுப்பார்கள்" என்று முடிவு கட்டக்கூடாது. வேலைக்கு வேலை அது மாறும்.

மூன்று வழிகள்

இந்தியாவில் இருப்பவருக்கு வெளிநாட்டு நிறுவனம் முறையாகப் பணம் கொடுக்க நடைமுறையில் மூன்று வழிகள்தான் இருக்கின்றன.

முதலாவது, இந்தியாவில் சொந்தக் கிளை நிறுவனம். இது இருந்தால் சிக்கலே இல்லை. நீங்கள் சாதாரண இந்திய ஊழியர். ஆனால் இதில் ஒரு திருப்பம் உண்டு. கிளை இருக்கிறதென்றால் பெரும்பாலும் அதற்கு பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ ஓர் அலுவலகமும் இருக்கும். "ரிமோட்" என்று சேர்த்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்து "வாரம் மூன்று நாள் வந்து போங்கள்" என்று சொல்வது இங்கேதான் அதிகம் நடக்கிறது. அலுவலகமே இல்லாத நிறுவனத்துக்கு உங்களைக் கூப்பிட இடமில்லை, அது ஒரு பாதுகாப்பு.

இரண்டாவது, ஈஓஆர் எனப்படும் இடைநிலை முதலாளி. டீல், ரிமோட், ஆய்ஸ்டர் போன்ற நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. இவற்றுக்கு ஏற்கெனவே பல நாடுகளில் பதிவு இருக்கிறது. காகிதத்தில் உங்கள் முதலாளி இவர்களின் இந்தியப் பிரிவு. வேலை செய்வதும் கட்டளை வருவதும் அந்த அமெரிக்க அல்லது ஐரோப்பிய நிறுவனத்திடமிருந்து. நியமனக் கடிதத்தில் நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு பிரைவேட் லிமிடெட் பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம், அது இதுதான். பிஎஃப் பிடிப்பார்கள், ஃபார்ம் 16 வரும், வீட்டுக் கடன் வாங்கப் போனால் வங்கி மேலாளருக்கும் புரியும். இதற்காக நிறுவனம் ஆளுக்கு மாதம் சில நூறு டாலர் கட்டணம் கட்டுகிறது. அமெரிக்கச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது சில்லறை. ஆனால் ஒரு சின்ன நிறுவனம் அதையும் உங்கள் சம்பளப் பேச்சில் கணக்கில் வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, ஒப்பந்தக்காரர். நீங்கள் ஊழியரே அல்ல; மாதா மாதம் பில் அனுப்பும் ஒரு தனி வணிகர். அமெரிக்க நிறுவனமாக இருந்தால் சேரும்போது டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்பார்கள். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று உறுதி கூறும் காகிதம் அது. இந்தியாவில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அங்கே வரி பிடிக்க வேண்டியதில்லை, முழுத் தொகையும் வரும். வரும் தொகை பெரிதாகத் தெரியும். அதில் பிஎஃப் இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை, ஊதியத்தோடு விடுப்பு உண்டா என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பதினைந்து நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கும். படித்துப் பாருங்கள்.

உலகம் முழுவதும் ஆள் எடுப்பதில் பெயர் பெற்ற நிறுவனங்களும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் செய்கின்றன. வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனம் பல பத்து நாடுகளில் ஆள் வைத்திருக்கிறது; தன் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தை 2017-ல் யாரும் வருவதில்லை என்றே மூடிவிட்டது. கிட்லேப் முழுக்க ரிமோட் நிறுவனம்தான், ஆனாலும் எந்தெந்த நாடுகளில் ஆள் எடுப்போம் என்று வரையறை வைத்திருக்கிறது. சம்பளமும் இருக்கும் ஊரைப் பொறுத்து மாறும். 37சிக்னல்ஸ் நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே சம்பளம் என்ற கொள்கை கொண்டது. மூன்றுமே உண்மையான ரிமோட் நிறுவனங்கள். ஆனால் "எங்கிருந்தும்" என்ற சொல்லுக்கு மூன்றிலும் மூன்று பொருள்.

விளம்பரத்தை எப்படிப் படிப்பது

முதலில் ஒன்று: வேலைத் திரட்டித் தளத்தில் பார்த்த விளம்பரத்தை அங்கேயே நம்பிவிடாதீர்கள். இந்தத் தளங்கள் பல இடங்களிலிருந்து விளம்பரங்களை அள்ளிக்கொண்டு வருகின்றன. இடம் என்ற கட்டம் காலியாக இருந்தால், சில தளங்களில் "உலகம் முழுவதும்" என்றே விழுந்துவிடும். லிங்க்ட்இன்னில் வேறு மாதிரி: அங்கே ஏதாவது ஓர் இடத்தைப் போட்டே ஆக வேண்டும், அதனால் ஒரே வேலை பத்து ஊர்ப் பெயரில் பத்து விளம்பரமாக வரும். ஆகவே எப்போதும் நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போய், அதே வேலையை அங்கே படியுங்கள். இரண்டு இடத்திலும் வேறு வேறாக இருந்தால் நிறுவனத்தின் பக்கம் சொல்வதுதான் சரி.

அங்கே போனதும் நான் செய்கிற ஒரு வேலை பலருக்குத் தெரியாது. ரிமோட் வேலைகளைத் தன் தேடலில் காட்டுவதற்கு கூகுள் ஒரு விதி வைத்திருக்கிறது. பக்கத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத நிரலில், இது ரிமோட் வேலை என்றும் எந்த நாட்டில் இருப்பவர் விண்ணப்பிக்கலாம் என்றும் குறிப்பிட வேண்டும். பக்கத்தின் மேல் வலது கிளிக் செய்து, மூல நிரலைத் திறந்து, `applicantLocationRequirements` என்று தேடினால் இப்படி ஒன்று கிடைக்கலாம்:

```json
"jobLocationType": "TELECOMMUTE",
"applicantLocationRequirements": {
  "@type": "Country",
  "name": "USA"
}
```

மேலே தலைப்பில் வெறும் "ரிமோட்" என்று இருக்கும். உள்ளே அமெரிக்கா என்று மட்டும் இருக்கும். அப்படியானால் பெரும்பாலும் கதை முடிந்தது. இது கல்லில் வெட்டிய சாட்சி அல்ல. ஏதாவது ஒரு நாட்டையாவது போட வேண்டும் என்பதால் சில நிறுவனங்கள் சொந்த நாட்டைப் போட்டுவிட்டு விட்டுவிடுகின்றன, சிலவற்றில் மென்பொருளே தானாக நிரப்பிவிடுகிறது. ஆனால் அந்த இடத்தில் பல நாடுகளின் பட்டியல் இருந்து, அதில் இந்தியாவும் இருந்தால், யாரோ ஒருவர் யோசித்து நிரப்பியிருக்கிறார் என்று பொருள். அது நல்ல அறிகுறி.

அடுத்து விண்ணப்பப் படிவம். விளம்பரத்தை எழுதுவது ஒருவர், படிவத்தில் கேள்விகள் வைப்பது இன்னொருவர். முதலாமவர் ஆள் பிடிக்கும் உற்சாகத்தில் எழுதுவார். இரண்டாமவர் சட்டத்தை நினைத்துக் கேட்பார். அதனால் படிவத்தைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். "அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி உரிமை உண்டா? விசாவுக்கு நாங்கள் ஆதரவு தர வேண்டியிருக்குமா?" என்று கட்டாயக் கேள்வி இருந்தால், அது அமெரிக்கச் சம்பளப் பட்டியல். அதே கேள்வி, "நீங்கள் இருக்கும் நாட்டில் வேலை செய்ய உரிமை உண்டா?" என்று இருந்தால், பல நாடுகளில் ஆள் எடுத்துப் பழகியவர்கள். ஒரு சொல்தான் வித்தியாசம்.

சில அடையாளங்களை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. சலுகைப் பட்டியலில் 401(கே) என்ற ஓய்வூதியச் சேமிப்புத் திட்டம், பல் மருத்துவக் காப்பீடு என்றெல்லாம் இருந்தால் அமெரிக்கா மட்டும்தான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அமெரிக்கர்களுக்கு இந்தச் சலுகை, மற்றவர்களுக்கு அந்தந்த நாட்டு முறை என்று வைத்திருக்கும் நிறுவனங்களும் அதே பட்டியலைத்தான் ஒட்டுகின்றன. ராணுவத்தில் இருந்தீர்களா, இனம் என்ன என்று கேட்கும் பக்கமும் அப்படித்தான்; படிவ மென்பொருளில் அது பலருக்கும் பொதுவாக வருவது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், பாதுகாப்பு அனுமதி வேண்டும் என்று இருந்தால் வாதாட இடமில்லை. அரசு, ராணுவம் சார்ந்த வேலை அது, தாளை மூடிவிடலாம்.

நேரக் கணக்கு

சட்டம் இடம் கொடுத்தாலும் கடிகாரம் தடுக்கலாம். "எங்கிருந்தும், ஆனால் பசிபிக் நேரத்தோடு நான்கு மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கும். படிக்கும்போது நான்கு மணி நேரம்தானே என்று தோன்றும். சான் பிரான்சிஸ்கோவில் காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 10.30, கோடையில் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது 9.30. அங்கிருந்து நான்கு மணி நேரம் சேர்த்தால் குளிர்காலத்தில் பின்னிரவு 2.30 ஆகிவிடும். நியூயார்க் நேரம் என்றால் குளிர்காலத்தில் மாலை 7.30 முதல் 11.30, கோடையில் 6.30 முதல் 10.30. இதைப் பலர் சமாளித்துவிடுகிறார்கள். லண்டன், பெர்லின் என்றால் நம் மதியமே அவர்கள் காலை. இருப்பதிலேயே இதுதான் வசதி.

ஐரோப்பிய விளம்பரங்களில் ஒரு வேடிக்கை உண்டு. "மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னே பின்னே" என்று போடுவார்கள். இந்தியா குளிர்காலத்தில் அவர்களைவிட நாலரை மணி நேரம் முன்னால், கோடையில் மூன்றரை. ஆக, கோடையில் அரை மணி நேரத்தில் நாம் வெளியே நிற்கிறோம். இப்படிப்பட்ட வரம்பை நான் கண்டிப்பான தடையாக எடுத்துக்கொள்வதில்லை. விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே "மதியம் ஒன்று முதல் இரவு ஒன்பது வரை வேலை செய்வேன், உங்கள் நாளில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும்" என்று எழுதிவிடுவேன். நாடு பற்றிய வரம்பு சட்டம். நேரம் பற்றிய வரம்பு பெரும்பாலும் ஒரு குழுத் தலைவரின் விருப்பம். முன்னதோடு பேசிப் பயனில்லை, பின்னதோடு பேசலாம்.

ஒரு விளம்பரம், ஒரு மாலை

போன வருடம் திருநெல்வேலியில் இருக்கும் நண்பர் ஒருவருக்காக ஒரு விளம்பரத்தை இருவரும் சேர்ந்து அலசினோம். ஆட்டோமேஷன் டெஸ்டிங் வேலை. திரட்டித் தளத்தில் "ரிமோட், உலகம் முழுவதும்" என்று இருந்தது. நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அதே வேலை "ரிமோட், அமெரிக்கக் கண்டங்கள் மற்றும் ஐரோப்பா". நண்பர் உடனே, "விடுங்க, நமக்கு இல்லை" என்றார்.

நான் விடச் சொல்லவில்லை. சம்பள வரம்பைப் பார்த்தோம். டாலரில் ஓர் எண், அதன் கீழே "இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான வரம்பு, பிற நாடுகளுக்கு உள்ளூர் நிலவரப்படி" என்று ஒரு வரி. கலிஃபோர்னியாவில் 2023 முதல் சம்பள வரம்பைப் போட வேண்டியது கட்டாயம், அதனால் அந்த எண் இருப்பதில் பெரிய செய்தி இல்லை. கீழே இருந்த அந்த வரியில்தான் செய்தி: வேறு நாடுகளில் சம்பளம் கொடுத்துப் பழக்கமிருக்கிறது. படிவத்தில் கேட்டிருந்தது, "எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? அங்கே வேலை செய்ய உரிமை உண்டா?" இரண்டாவது நல்ல அறிகுறி. நேரம், நியூயார்க்கோடு நான்கு மணி நேரம். நண்பருக்கு மாலை வேலை பழக்கம்தான்.

பிறகு லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனத்தின் பக்கத்தில் "மக்கள்" பகுதியைத் திறந்தோம். அங்கே ஊழியர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை இருக்கும். என் அனுபவத்தில் இதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. விளம்பரம் என்ன சொல்கிறது என்பதைவிட ஏற்கெனவே யாரை எடுத்திருக்கிறார்கள் என்பது பெரியது. நாற்பது சொச்சம் பேரில் இந்தியாவில் மூவர். ஆனால் எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது, ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். ஒருவர் உண்மையில் ஓர் அவுட்சோர்சிங் கம்பெனியின் ஆள், வாடிக்கையாளர் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் அமெரிக்காவில் சேர்ந்து, பிறகு ஊர் திரும்பியவர். பழைய ஆளை இழக்க மனமில்லாமல் செய்துகொடுத்த ஏற்பாடாக இருக்கலாம். மூன்றாமவர் புனேயில் இருந்தபடியே முந்தைய ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர், அதுவும் தொழில்நுட்ப வேலையில். எங்களுக்கு வேண்டியது அந்த மூன்றாமவர்தான். அப்படி ஒருவர் இருந்தால் வழி இருக்கிறது.

விண்ணப்பத்தோடு ஒரு சின்ன மெயிலும் அனுப்பினார். நான் இந்தியாவில் இருக்கிறேன், இங்கிருந்துதான் வேலை செய்வேன். இந்தியாவில் உள்ளவர்களை நீங்கள் ஈஓஆர் மூலம் எடுக்கிறீர்களா, ஒப்பந்தக்காரராகவா, அல்லது எடுப்பதே இல்லையா? அவ்வளவுதான். "இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டிருந்தால், ஆள் சேர்ப்பவர் யோசிக்காமல் "ஓ, தாராளமாக" என்று சொல்லியிருக்கக்கூடும்; அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மூன்று வழிகளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் நிதிப் பிரிவில் போய்க் கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: இந்தியாவில் ஒப்பந்தக்காரராக மட்டும் எடுக்கிறோம். முதல் நேர்காணலுக்கு முன்பே அவர் கையில் தெளிவான பதில் இருந்தது. எனக்கு அது மூன்று சுற்றுக்கு அப்புறம்தான் கிடைத்தது.

எங்கே தேடுவது

நூறு தளங்களில் கணக்குத் திறப்பதைவிட, எழுதும்போதே நாட்டைச் சொல்லும் பழக்கமுள்ள இடங்களில் தேடுவது நல்லது. மென்பொருள்காரர்கள் கூடிப் பேசும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் "யார் ஆள் எடுக்கிறார்கள்" என்று ஓர் உரையாடல் இழை திறக்கும். அங்கே விளம்பரம் போடுபவர்களுக்கு ஒரு வழக்கம் சொல்லப்பட்டிருக்கிறது: ரிமோட் என்றால் `REMOTE`, நாடு கட்டுப்பாடு இருந்தால் `REMOTE (US)` என்பதுபோல் போட வேண்டும். பெரும்பாலும் நிறுவனத்தில் வேலை செய்பவரே எழுதுவார். பக்கத்தில் `REMOTE (US` என்று தேடி வருவதையெல்லாம் ஒதுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். வீ வொர்க் ரிமோட்லி, ரிமோட் ஓகே போன்ற தளங்களும் உண்டு. அவற்றை நிறுவனப் பெயர்களைப் பிடிக்கும் வலையாக மட்டும் பயன்படுத்துகிறேன்.

இன்னொரு வழி, நிறுவனங்கள் விண்ணப்பம் வாங்கப் பயன்படுத்தும் மென்பொருள்களின் முகவரியிலேயே தேடுவது. லீவர், ஆஷ்பி, கிரீன்ஹவுஸ் என்று சில இருக்கின்றன. அவற்றின் பக்கங்கள் எல்லாம் ஒரே முகவரியின் கீழ் இருப்பதால் கூகுளில் இப்படிக் கேட்கலாம்:

```
site:jobs.lever.co "remote" "India" "QA"
site:jobs.ashbyhq.com "remote" "APAC" "QA"
```

திரட்டித் தளங்களின் குழப்பம் இல்லாமல் நேராக மூல விளம்பரம் வரும். `QA` என்பது டெஸ்டிங் வேலை, `APAC` என்பது ஆசிய பசிபிக் வட்டாரம். அந்த வட்டாரத்தில் இந்தியா சேரும் என்று நாம் நினைப்போம், சில நிறுவனங்கள் சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் மட்டுமே என்று நினைக்கும். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மோசடிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெலிகிராமில் வேலை கொடுப்பவர், மடிக்கணினிக்கு முன்பணம் கேட்பவர், நேர்காணலே இல்லாமல் நியமனக் கடிதம் அனுப்புபவர், இவர்களில் யாருக்கும் வேலை கொடுக்கும் எண்ணம் இல்லை. தெரிந்த நிறுவனத்தின் பெயரில் மெயில் வந்தால், அதே வேலை அவர்கள் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், மெயில் முகவரியின் கடைசிப் பகுதி அந்தத் தளத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வேலை கிடைத்த பிறகு ஊர் மாறலாமா

"எங்கிருந்தும்" என்பதை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம். எந்த ஊரில் இருப்பவரையும் எடுப்போம் என்பது ஒன்று. எடுத்த பிறகு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல. ஈஓஆர் வழியாக இந்தியாவில் சேர்ந்தவருக்கு வரி, பிஎஃப் எல்லாம் இந்தியாவைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. அவர் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் போகலாம், ஆறு மாதம் போர்ச்சுகலில் இருக்க முடியாது. அங்கே வேலை செய்ய அந்த நாட்டு விசா வேண்டும், அதிக நாள் தங்கினால் அங்கே வரி கட்ட வேண்டி வரலாம், நிறுவனத்துக்கும் அங்கே பதிவு தேவைப்படலாம். ஏர்பிஎன்பி 2022 ஏப்ரலில் அறிவித்த கொள்கை உலகெங்கும் பேசப்பட்டது. ஊழியர்கள் சொந்த நாட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் சம்பளம் குறையாமல் மாறலாம், 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் போய் இருந்து வேலை செய்யலாம். ஆனால் ஓர் இடத்தில் ஆண்டுக்கு 90 நாள்தான், நிரந்தர முகவரி ஒன்று கட்டாயம். இத்தனை தாராளமான கொள்கைக்கே இப்படி ஒரு வேலி இருக்கிறது.

இதில் ஒப்பந்தக்காரருக்குத்தான் கொஞ்சம் காற்று அதிகம். அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது நிறுவனத்தின் தலைவலி அல்ல, அவருடைய தலைவலி. தாய்லாந்தும் மலேசியாவும் இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனி விசா கொடுக்கின்றன. ஒப்பந்தத்தில் பாதுகாப்புக் காரணமாக நாடு குறிப்பிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருநெல்வேலி நண்பருக்கு அந்த வேலை கிடைத்தது. சொன்ன டாலர் தொகை, அப்போது அவர் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தைவிட இரண்டு மடங்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முதலாளி போடும் பிஎஃப் பங்கு போய்விடும், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு சொந்தக் காசில், வங்கி டாலரை ரூபாயாக்கும்போது எடுத்துக்கொள்ளும் வித்தியாசம், ஆடிட்டர் கட்டணம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி பதிவும் செய்ய வேண்டும். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை என்பதால் எல்யுடி என்ற உறுதிப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டால் வரி போடாமலே பில் அனுப்பலாம், ஆனால் கணக்குத் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும். யாரும் டிடிஎஸ் பிடிக்கமாட்டார்கள் என்பதால் முன்கூட்டிய வருமான வரியைத் தானே நினைவு வைத்துக் கட்ட வேண்டும். எல்லாம் கழித்த பிறகு இரண்டு மடங்கு என்பது ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது.

"ஒன்றரை போதும், ஆனா லீவு?" என்று கேட்டார் அவர் மனைவி. ஒப்பந்தத்தில் விடுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆண்டுக்கு இருபது நாள் ஊதியத்தோடு விடுப்பு, முப்பது நாள் அறிவிப்பு என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லி மெயில் போட்டார். விடுப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். அறிவிப்பு பதினைந்து நாளிலேயே நின்றது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.